காட்பாடி மனையும் பதினொரு ஆண்டுக் கணக்கும்: ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

வேலூரில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 2025 மே மாதம் காட்பாடியிலிருந்து ஒரு ஆசிரியையும் அவர் கணவரும் வந்தார்கள். மனை ஒன்றை விற்றிருந்தார்கள். அதற்கு எவ்வளவு வரி என்று பார்க்க வேண்டும். ஆசிரியை அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை செய்கிறார். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மகள் கல்லூரியில் முதலாண்டு.

கணவர் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை: “ஆறு லட்சத்துக்கு வாங்கினது சார், பதினெட்டு லட்சத்துக்குப் போச்சு. மூணு மடங்கு. மியூச்சுவல் ஃபண்டுல போட்டிருந்தா இது வந்திருக்குமா?”

அந்தக் கேள்விக்குக் கைவசம் பதில் இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் ரசீதுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தன. வாங்கிய நாள் முதல் விற்ற நாள் வரை எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுத முடிந்தது. மனை பற்றிப் பேசுபவர்களில் அப்படி எழுதி வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் அவர்கள் சம்மதத்தோடு, பெயரை விட்டுவிட்டு, இந்தக் கணக்கை முழுவதுமாக எழுதுகிறேன்.

வாங்கிய கதை

2014 ஏப்ரலில் காட்பாடியிலிருந்து திருவலம் போகும் வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, 1,200 சதுர அடி மனை. நம் ஊர்க் கணக்கில் இரண்டே முக்கால் சென்ட். சதுர அடி 500 ரூபாய் வீதம் 6 லட்சம். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குது” என்று சொல்லி விற்ற லேஅவுட். அன்றைக்கு அதைப் பெரும்பாலானோர் குறையாக நினைக்கவில்லை.

பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த வழிகாட்டி மதிப்பு அப்போது சதுர அடிக்கு 250 ரூபாய். பத்திரத்தில் 3 லட்சம் என்று எழுதினார்கள். மீதி 3 லட்சத்தைக் கையில் கொடுத்தார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் என்று 3 லட்சத்துக்கு 24,000 ரூபாய் ஆனது. பத்திர எழுத்தர், வில்லங்கச் சான்று, இதர செலவு 6,000. தரகருக்கு இரண்டு சதவீதம், 12,000. ஆக மனை அவர்கள் கைக்கு வரும்போது 6,42,000 ரூபாய் ஆகியிருந்தது.

பத்திர மதிப்பு 3 லட்சம்தான் என்பதால் வங்கியில் மனைக் கடன் கேட்க வழியில்லை. சேமிப்பில் இருந்த 4 லட்சத்தைப் போட்டு, மீதி 2,42,000 ரூபாய்க்கு ஆசிரியையின் நகையை அடகு வைத்தார்கள். மாதம் 11,500 வீதம் 24 மாதம் கட்டி 2016 ஏப்ரலில் நகையை மீட்டார்கள். கட்டியது 2,76,000, வட்டி மட்டும் 34,000. “மனை 6 லட்சம்” என்று சொல்லும்போது இந்த வட்டி யார் நினைவிலும் இருப்பதில்லை.

இடையில் நடந்தது

2015இல் எல்லைக்கல் நட்டு முள்வேலி போட 25,000. பிறகு ஒவ்வொரு ஆண்டும் மழைக்குப் பின் சீமைக்கருவேலத்தை வெட்டித் துப்புரவு செய்ய ஏறக்குறைய 3,000 ரூபாய். வெட்டாமல் விட்டால் மூன்றாம் ஆண்டு எல்லைக்கல் கண்ணுக்குத் தெரியாது. கல் தெரியாத மனையில் பக்கத்து வேலி ஓரிரு அடி நகர்வது நம் பக்கம் புதிதல்ல.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அன்று முதல் “பஞ்சாயத்து அப்ரூவல்” என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. 2017 மே மாதம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம். அது இல்லாமல் வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வாங்குபவருக்கு வங்கிக் கடனும் கிடைக்காது. 2018 ஜூனில் இவர்கள் அதைச் செய்தார்கள். வரன்முறைக் கட்டணம், அபிவிருத்திக் கட்டணம், வரைபடம், நகல்கள், அலைச்சல் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். லேஅவுட்டில் பாதிப் பேர் அப்போது கட்டவில்லை என்று கணவர் சொன்னார். கட்டிய இந்த 45,000தான் பின்னால் மனையை விற்க முடிந்ததற்குக் காரணம் என்பது என் கருத்து.

விற்ற கதை

2024 ஜூனில் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் கட்டணமாக இரண்டரை லட்சம் வேண்டியிருந்தது. மனையை விற்கலாம் என்று தீர்மானித்தார்கள். தரகர், “அந்த ஏரியாவுல ஸ்கொயர் ஃபீட் ஆயிரத்தி எட்நூறு போவுது டீச்சர், அவசரப்படாதீங்க” என்று சொல்லியிருக்கிறார். 1,800 என்றால் 21,60,000. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. கட்டணத்துக்கு மறுபடியும் நகை அடகுக் கடைக்குப் போனது.

ஏன் வரவில்லை என்பதை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நடுத்தரக் குடும்பம் மனையை மறுவிற்பனைக்குக் கொண்டுவரும்போது போட்டி பக்கத்து மனைக்காரர் அல்ல. சாலையோரத்தில் கொடி நட்டுப் புதிதாகப் போடும், நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் அங்கீகாரம் பெற்ற லேஅவுட்தான் போட்டி. அங்கே தார்ச்சாலை புதிது, வங்கிக் கடனுக்கு ஆள் கூடவே இருப்பார், தவணை வசதி உண்டு. பழைய மனையை வாங்குபவர் கடனுக்குத் தாமே அலைய வேண்டும், தாய்ப்பத்திரம் வரை தாமே பார்க்க வேண்டும். அதோடு வாங்குபவர் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் தருகிறார். 18 லட்சத்துக்கு அது 1,62,000. அந்தப் பணமும் அவர் பட்ஜெட்டிலிருந்துதான் வரும். ஆகவே விலை பேசும்போது அது விற்பவர் தலையில்தான் இறங்குகிறது.

“இந்த ஏரியாவில் இவ்வளவு போகுது” என்பது யாரோ கேட்கும் விலை. நடந்த விலையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் நம் மனையின் சர்வே எண்ணுக்கும் பக்கத்துச் சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று பார்க்கலாம். அதில் ஒவ்வொரு கிரயப் பத்திரத்துக்கும் எதிரே கைமாற்றுத் தொகை என்று ஒரு எண் இருக்கும். பத்திரத்தில் குறைத்து எழுதும் பழக்கத்தால் அது முழு உண்மை அல்ல. ஆனால் வாங்கியவர் வங்கிக் கடன் எடுத்திருந்தால் அந்தக் கிரயத்துக்கு அடுத்தபடியே அடமானப் பதிவும் இருக்கும்; அப்படிப்பட்ட கிரயத் தொகை பெரும்பாலும் நடந்த விலைக்கு நெருங்கி நிற்கும். இவர்கள் நவம்பரில் அப்படிப் பார்த்தபோது 1,800க்கு ஒரு கிரயம்கூட இல்லை. 1,450க்கும் 1,550க்கும் நடுவில் மூன்று இருந்தன. கேட்கும் விலையை 1,500க்கு இறக்கினார்கள். 2025 பிப்ரவரிக் கடைசியில், வேலையில் இருக்கும் ஒருவர் வங்கிக் கடனில் வாங்கினார். விற்க எட்டு மாதம் ஆனது.

வரி

வாங்குபவர் வங்கிக் கடன் எடுத்ததால் இந்த முறை பத்திரத்தில் முழு 18 லட்சமும் எழுதப்பட்டது. அங்கேதான் 2014இன் பத்திரம் திரும்பி வந்து நின்றது. வாங்கிய விலை 6 லட்சம் என்று நமக்குத் தெரியும். ஆனால் காட்டுவதற்கு இருப்பது 3 லட்சமும் பதிவுச் செலவு 24,000மும் மட்டும்தான். கையில் கொடுத்த 3 லட்சத்துக்குக் காகிதம் இல்லை.

விற்ற விலை 18 லட்சத்தில் தரகு 36,000ஐயும் அந்த 3,24,000ஐயும் கழித்தால் லாபம் 14,40,000. 2024 ஜூலை 23 முதல் நிலத்தின் நீண்ட கால லாபத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீத வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கியவர்கள் பழைய முறையில், சரிக்கட்டலோடு 20 சதவீதம் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய முறைக்கு 2014–15இன் பணவீக்கக் குறியீடு 240, 2024–25இன் குறியீடு 363. அப்படிப் பார்த்தால் அடக்கவிலை 4,90,050 ஆக உயர்கிறது. ஆனாலும் 20 சதவீத வரி இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. புதிய முறையில் 1,80,000. செஸ் சேர்த்து 1,87,200. அதைத்தான் கட்டினார்கள்.

2014இல் முழு 6 லட்சத்தையும் பத்திரத்தில் எழுதியிருந்தால் கூடுதலாக 24,000 பதிவுச் செலவு ஆகியிருக்கும். இப்போது வரி 1,45,080 ஆக இருந்திருக்கும். அதாவது அன்று மிச்சம் பிடித்த 24,000க்கு இன்று 42,120 கட்டினார்கள். தொகையாகப் பார்த்தால் இது குடும்பத்தைக் கவிழ்க்கும் நஷ்டம் அல்ல. ஆனால் வங்கிக் கடன் கிடைக்காமல் நகை அடகுக்குப் போனதும் அதே பத்திரத்தால்தான். கணக்கில் வராத பணம் என்ற பயம் பதினொரு ஆண்டும் கூடவே இருந்தது.

விற்ற பணத்தில் வீடு வாங்கினாலோ கட்டினாலோ அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 54எஃப் பிரிவில் விலக்கு இருந்தது. இவர்களுக்குப் பணம் மகள் படிப்புக்கு வேண்டியிருந்ததால் அது பொருந்தவில்லை. தரகும் வரியும் போகக் கையில் நின்றது 15,76,800.

மூன்று மடங்கின் உண்மையான வேகம்

6 லட்சம் 18 லட்சமாக 10 ஆண்டு 10 மாதம் ஆனது. அதை மட்டும் பார்த்தால் ஆண்டுக்குப் பத்தரை சதவீதத்துக்குச் சற்று மேலான கூட்டு வளர்ச்சி. நல்ல எண்தான். ஆனால் அவர்கள் பையிலிருந்து போனது 6 லட்சம் அல்ல. சேமிப்பு 4,00,000, நகைக்கடன் தவணை 2,76,000, வேலி 25,000, வரன்முறை 45,000, துப்புரவு 30,000; மொத்தம் 7,76,000. திரும்பி வந்தது 18 லட்சமும் அல்ல, 15,76,800.

ஒவ்வொரு தொகையும் வெவ்வேறு தேதியில் போயிருப்பதால் சாதாரண வட்டிக் கணக்கு உதவாது. எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் முதல் பத்தியில் தேதி, இரண்டாம் பத்தியில் தொகை என்று எழுத வேண்டும். கொடுத்ததற்கு மைனஸ் குறி, வந்ததற்கு இல்லை. கீழே, தேதிகளைக் கணக்கில் எடுத்து ஆண்டு வளர்ச்சி வீதத்தைச் சொல்லும் இந்தச் சூத்திரம். வரிசை எண்களை உங்கள் பட்டியலின் நீளத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

```
=XIRR(B2:B39, A2:A39)
```

இவர்கள் மனைக்கு வந்த விடை ஆண்டுக்கு ஏறக்குறைய 7.25 சதவீதம். கணவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “வங்கி டெபாசிட் மாதிரியா சார்?” என்றார். வரி கட்டிய பின் மிஞ்சும் எண் இது. டெபாசிட் வட்டிக்கு வரி கட்டிய பின் இவ்வளவு நின்றிருக்காது. ஆகவே டெபாசிட்டை விட மேல்தான். மூன்று மடங்கு என்ற சொல் தந்த நிறைவு மட்டும் அதில் இல்லை.

அதே ரூபாய், அதே தேதி, ஃபண்டில்

ஒப்பிடுவதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, மனையின் ஒரு நாள் பணத்தை ஃபண்டின் மாதத் தவணையோடு ஒப்பிடுவது. அதனால் அதே தொகைகளை அதே தேதிகளில், பங்குச்சந்தையின் ஐம்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டதாக வைத்துப் பார்த்தேன். நன்றாக ஓடிய ஃபண்டு ஒன்றைப் பின்னால் திரும்பிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நியாயமல்ல. நிறுவனங்கள் தந்த டிவிடெண்டையும் சேர்க்கவில்லை. ஃபண்டின் நிர்வாகச் செலவை ஈடுகட்ட அதை விட்டுவிட்டேன். டிவிடெண்டு அந்தச் செலவை விட அதிகம் என்பதால் இந்தக் கணக்கு ஃபண்டுக்குச் சற்றுக் கடுமையானது.

2014 மார்ச் கடைசியில் நிஃப்டி 6,704. நகைக்கடன் கட்டிய இரண்டு ஆண்டில் சராசரியாக 8,100 அளவில் இருந்தது. மனை விற்ற 2025 பிப்ரவரிக் கடைசியில் 22,125. அது நல்ல நேரமும் அல்ல. முந்தைய செப்டம்பரில் 26,000ஐத் தாண்டிவிட்டு ஐந்து மாதமாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் 7,76,000 ரூபாய் ஏறக்குறைய 22.9 லட்சம் ஆகியிருக்கும். வரியில் ஒரு சலுகை உண்டு: 2018 ஜனவரி 31 வரை வளர்ந்த லாபத்துக்கு வரி இல்லை. அதற்குப் பிந்தைய லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் கழித்து 12.5 சதவீதம். வரி 1.3 லட்சம் அளவுக்கு வரும். கையில் இருபத்தொன்றரை லட்சம். ஆண்டுக்குப் பத்தரை சதவீதம்.

மனைக்கு 15.8 லட்சம், ஃபண்டுக்கு 21.5 லட்சம். வித்தியாசம் 5.7 லட்சம். இங்கேயே நிறுத்தியிருந்தால் ஃபண்டு விற்பவர்களின் விளம்பரத்துக்கு இது பொருந்தும். ஆனால் பிளாஸ்டிக் பையில் இன்னொரு தாள் இருந்தது.

அந்த இன்னொரு தாள்

2017 ஏப்ரலில் கணவர் வங்கிக் கிளையில் சொன்னதைக் கேட்டு மாதம் 3,000 ரூபாய் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். மூன்று ஆண்டு, 36 தவணை, 1,08,000 ரூபாய். 2020 ஜனவரியில் 12,362 வரை போன நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610க்கு விழுந்தது. ஊரடங்கு, தொழிற்சாலை மூடல், சம்பளம் வருமா என்று தெரியாத நாட்கள். தினமும் கைபேசியில் எண் குறைந்துகொண்டே போவதைப் பார்த்து அந்த மாதக் கடைசியில் முழுவதையும் எடுத்துவிட்டார். வந்தது 86,500.

எடுக்காமல் விட்டிருந்தால், மேலே ஒரு ரூபாயும் போடாமலே, மனை விற்ற அன்று அது 2.2 லட்சம் அளவில் இருந்திருக்கும்.

அதே மார்ச் 23 அன்று அந்த மனைக்கு என்ன விலை? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் வாங்க ஆள் இல்லை. விலை தெரியாததால் மனை விழவில்லை என்று தோன்றியது. அதனால் நிம்மதியாக வைத்திருந்தார்கள். மனை நடுத்தரக் குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதை விற்பது கடினம், பாதி விற்க முடியாது, தினம் விலை பார்க்க முடியாது. ஃபண்டில் வசதியாகச் சொல்லப்படும் குணம் எதுவும் இல்லாததால்தான் பணம் பதினொரு ஆண்டு அசையாமல் கிடந்தது.

இன்னும் ஒன்று. மேலே போட்ட ஒப்பீட்டை 2025க்குப் பதில் 2020 மார்ச் 23இல் நிறுத்திப் பார்த்தேன். அதுவரை போட்ட ஏறக்குறைய 7.6 லட்சம் அன்று 7.8 லட்சமாக இருந்திருக்கும். ஆறு ஆண்டுக்கு வளர்ச்சி ஏறக்குறைய இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த மாதத்தில் வந்திருந்தால், பத்தரை சதவீதம் என்ற எண்ணுக்கு இந்தக் குடும்பத்தில் அர்த்தமே இருந்திருக்காது. பங்குச்சந்தையில் உள்ள பணத்துக்கு எடுக்கும் தேதியைத் தள்ளிப்போடும் வசதி வேண்டும். கட்டணம், கல்யாணம் போன்று தேதி குறித்த செலவுக்கு அந்த வசதி கிடையாது. மூன்று ஆண்டு முன்பே அந்தப் பணத்தை வைப்புத்தொகைக்கு மாற்றிவிட வேண்டும்.

மனையிலும் தேதி பிரச்சினைதான், வேறு விதத்தில். இரண்டரை லட்சம் தேவைப்பட்டபோது 1,200 சதுர அடியில் 170 சதுர அடியை மட்டும் விற்க முடியவில்லை. எட்டு மாத நகைக்கடன் வட்டியாக ஏறக்குறைய 16,000 போனது. அதை மேலே உள்ள 7.25 சதவீதத்தில் நான் கழிக்கக்கூட இல்லை. ஃபண்டில் தேவையான அளவு யூனிட்டை மட்டும் விற்றால் சில வேலை நாட்களில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

இது ஒரே ஒரு மனையின் கணக்கு. காட்பாடி காந்தி நகரிலோ வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலோ சரியான நேரத்தில் வாங்கியவர்களின் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். அவை உண்மையாகவே இருக்கலாம். பத்தாண்டாக வேலிக்குள் கருவேலம் வளரும் மனைக்காரர் அந்தப் பேச்சில் சேர்வதில்லை, அவ்வளவுதான். குடியிருக்க வீடு கட்டும் மனையை இந்தக் கணக்கில் வைக்கவே கூடாது. அது வாடகையை மிச்சப்படுத்துகிறது, அதன் தேவை வேறு. கேள்வி இரண்டாவது மனையைப் பற்றியது. இவர்கள் ஏற்கெனவே சொந்த வீட்டில் இருக்கிறார்கள்; அந்த நிலையில், ஒரே இடத்தில் ஒரே சொத்தாக 7 லட்சத்தைப் பூட்டியது சரியான வழியல்ல என்பதே என் முடிவு. அந்தப் பணத்தை ஃபண்டில் போட்டு 2020இல் எடுத்திருந்தால் அது இதைவிடவும் மோசம்.

ஆசிரியை அதுவரை பேசவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்: “மறுபடியும் விழுந்தா இவர் எடுத்துடுவாரு சார். அதுக்கு என்ன செய்றது?”

அவர்களே அதற்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். நகையை மீட்டதும், மீதி மூன்று ஆண்டுக் கட்டணத்துக்கான தொகையைத் தனித்தனி முதிர்வுத் தேதியோடு அஞ்சலகத்திலும் வங்கியிலும் வைப்புத்தொகையாகப் போட்டார்கள். மிஞ்சிய பணத்தை ஆசிரியை தன் பெயரில், கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டமாக, ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துப் போடுகிறார். செயலி அவர் கைபேசியில் மட்டும் இருக்கிறது. கணவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, வரிக் கணக்கு தாக்கல் செய்ய என்னிடம் வரும்போது, அச்சிட்ட அறிக்கையைக் காட்டுவது என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.